அடித்தால் சர்க்கரை இறங்காது

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து ஒன்பது நாள் கழித்து, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு பாத்ரூம் வாளிக்குப் பின்னால் ரத்தமும் சீழும் படிந்த துணிச் சுருள் ஒன்றை அம்மா கண்டெடுத்தார். சத்திரப்பட்டியில் தறி வைத்திருக்கும் உறவினர் வீட்டிலிருந்து எப்போதோ வந்த பேண்டேஜ் துணி அது. எங்கள் பக்கத்து வீடுகளில் அந்தத் துணி எப்போதும் ஒரு மூலையில் கிடக்கும். புண்ணை மறைத்துக் கட்டுவதற்கு அது பயன்படும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பாவின் வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். தேர் அன்று வெறுங்காலோடு ரத வீதியைச் சுற்றியதில் தார்ச்சூடு பட்டுக் கொப்புளம் வந்திருக்கிறது. பதினான்கு வருடச் சர்க்கரை பாதத்து நரம்புகளை மரத்துப்போக வைத்திருந்ததால், சுட்டது அவருக்குத் தெரியவில்லை. கொப்புளம் உடைந்த பிறகு தெரிந்தது. தெரிந்தும் ஒன்பது நாள் யாரிடமும் சொல்லாமல், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அவரே கட்டு மாற்றியிருக்கிறார்.

"ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாதாய்யா? அதத்தான் ஒம்பது நாளா நானே எனக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

இந்தக் கட்டுரையே அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான். தன்னைத் தானே திட்டிக்கொள்வது ஒழுக்கம், திட்டாமல் விடுவது சொகுசு என்று நம் ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தப்பு. அது நாகரிகமில்லாத கணக்கு, மனதைப் புண்படுத்தும் கணக்கு என்பதெல்லாம் என் புகார் அல்ல. அது வேலை செய்யாது என்பதுதான் என் புகார்.

செய்தி கேள்விப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாமா வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அப்பாவைப் பார்த்ததும், "நாக்கக் கட்ட முடியாதவன் காலக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கான் பாரு" என்றார். அப்பா சிரித்தார். சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்தார். பிறகு திண்ணையில் எனக்கும் மாமாவுக்கும் வாக்குவாதம். அமெரிக்காவில் கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003இல் வரையறுத்த ஒரு கருத்தைப் பற்றி நான் படித்திருந்தேன். அதை அரைகுறையாகச் சொன்னேன்.

"அதாவது, தன் மேலயே இரக்கப்படணும்ங்கற. தன்னிரக்கம். மாப்ள, தன்னிரக்கத்துல விழுந்தவன் எவனாச்சும் எந்திரிச்சுப் பாத்திருக்கியா?"

பாதிப் பிரச்சினை இந்தச் சொல்லில் இருக்கிறது. தமிழில் 'தன்னிரக்கம்' என்றால் அழுமூஞ்சித்தனம். 'சுயபச்சாதாபம்' அதைவிட மோசம். இரண்டும் "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று மூலையில் உட்காரும் மனநிலைக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள். நெஃப் சொன்னது இதற்கு நேர் எதிரானது. ஆனால் மொழிபெயர்க்க உட்காருகிறவர்கள் பலரும் இந்த இரண்டு சொற்களில் ஒன்றில்தான் போய் விழுகிறார்கள். நான் இங்கே 'தன்பரிவு' என்று வைத்துக்கொள்கிறேன். அழகான சொல் என்று சொல்ல மாட்டேன். கெட்ட பெயர் இன்னும் ஒட்டாத சொல், அவ்வளவுதான்.

நெஃப்பின் வரையறையில் மூன்று பகுதிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கமும் உண்டு. தன்னிடம் கனிவு, எதிர்ப்பக்கம், தன்னைக் கூண்டில் ஏற்றுவது. இது மனிதர்கள் எல்லோருக்கும் நேர்வது என்று உணர்வது. எதிர்ப்பக்கம், தனிமைப்பட்டுப் போவது. மூன்றாவது, நடந்ததை நடந்த அளவில் பார்ப்பது, மைண்ட்ஃபுல்னெஸ் என்று இப்போது எல்லோரும் சொல்வது; எதிர்ப்பக்கம், நடந்ததோடு ஒன்றிப்போய் அதுவாகவே ஆகிவிடுவது. மூன்றும் சேர்ந்தால்தான் தன்பரிவு. மாமா முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு 'கொஞ்சல்' என்று முடிவுகட்டினார். மாமா மட்டுமல்ல, ஐ.டி. கம்பெனிகளின் வெல்னஸ் மெயில்களும் இதைத்தான் செய்கின்றன. "உங்களிடம் அன்பாக இருங்கள், இன்று ஒரு நல்ல பிரியாணி ஆர்டர் செய்யுங்கள்" என்று எனக்கே ஒரு மெயில் வந்திருக்கிறது. மாமாவின் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் கோபப்பட வேண்டிய முகவரி அந்த மெயில்.

எங்கள் வீட்டில் உண்மையில் நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்கு வைப்பதில் கறாரானவர். சர்க்கரைக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தார். தேதி போட்டு, வெறும் வயிற்றில் 118, 124, 115, 121 என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். டாக்டரிடம் அந்த நோட்டைத்தான் காட்டுவார். டாக்டரும் அதைப் பார்த்துவிட்டு அதே மாத்திரையைத் தொடரச் சொல்வார். புண்ணுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஹெச்பிஏ1சி எடுத்தார்கள். 9.4 வந்தது. இந்த எண் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும். அதை வழக்கமான சர்க்கரை அளவாக மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது:

```
28.7 × 9.4 − 46.7 = 223
```

நோட்டு 120 என்கிறது, ரத்தம் 223 என்கிறது. நோட்டில் இருந்தது காலை வெறும் வயிற்று அளவு, சூத்திரம் தருவது நாள் முழுவதற்குமான சராசரி. அதனால் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம். நூறு இருக்க முடியாது. என் தொழில் புத்தி வேலை செய்தது. இரண்டு பதிவுகள் முரண்பட்டால் மூன்றாவது பதிவைத் தேடு. குளுக்கோமீட்டர் ஒவ்வொரு அளவையும் தேதி, நேரத்தோடு தன் நினைவில் வைத்துக்கொள்ளும். அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொன்றாகப் பின்னால் போனேன். நோட்டில் இருந்த எண்களில் பெரும்பாலானவை மீட்டரிலும் இருந்தன. அப்பா பொய் எழுதவில்லை. ஆனால் மீட்டரில் ஓட்டைகள் இருந்தன. நான்கு நாள், ஆறு நாள், ஒருமுறை பதினொரு நாள் சோதனையே இல்லை. நோட்டில் அந்த நாட்களும் இல்லை, ஆனால் தேதிகளை நெருக்கி எழுதியிருந்ததால் கண்ணில் படவில்லை.

அந்த ஓட்டைகளில் என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் கால் கிலோ பால்கோவா வாங்காமல் அவர் திரும்புவதில்லை. பேரப்பிள்ளைகளுக்கு என்று வாங்குவது. பஸ்ஸிலேயே ஒரு வாய். ராஜபாளையம் வருவதற்குள், "போச்சு, இன்னைக்குக் கெட்டது கெட்டுப்போச்சு" என்று இன்னும் இரண்டு வாய். மறுநாள் காலை மீட்டரைத் தொட மனசு வராது. மீட்டர் இல்லாத நாள் என்றால் கணக்கில் இல்லாத நாள், அன்றைக்கும் கொஞ்சம். பொட்டலம் முடிந்து, இரண்டு மூன்று நாள் கஞ்சியும் நடையுமாகப் பத்தியம் இருந்து, உடம்பு 'சரியான' பிறகு மீட்டரை எடுப்பார். 118. நோட்டில் ஏறும்.

சர்க்கரை நோயாளி இருக்கும் எந்த வீட்டிலும் இதில் ஒரு பாதியாவது நடக்கும். லேப் டெஸ்ட்டுக்கு முன்னால் மூன்று நாள் பத்தியம் இருப்பது நம் ஊரில் ஒரு சடங்கு.

அப்பாவின் பஸ் பயணத்தை உளவியலாளர்கள் எப்போதோ சோதனைச் சாலையில் பார்த்துவிட்டார்கள். 1975இல் ஹெர்மன், மாக் என்ற இருவர், உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்களுக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். மில்க் ஷேக் குடித்தவர்கள் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு உடைந்தது, இனி என்னவானால் என்ன. நம் 'போச்சு'தான் அது.

2007இல் கிளேர் ஆடம்ஸும் மார்க் லியரியும் இதில் ஒரு படி சேர்த்தார்கள். கல்லூரிப் பெண்களை டோனட் சாப்பிட வைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் ஆய்வாளர் சில வாக்கியங்கள் பேசினார். இதைச் சாப்பிட்டதற்காகச் சிலர் வருத்தப்படுகிறார்கள், எல்லோரும் எப்போதாவது இப்படிச் சாப்பிடுவதுதான், உங்களை நீங்களே ரொம்பக் கடிந்துகொள்ளாதீர்கள் என்ற பொருளில். பிறகு மிட்டாய்க் கிண்ணங்களை வைத்து, ருசி பார்த்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். மாமாவின் கணக்குப்படி, "பரவால்ல" என்று கேட்டவர்கள் கிண்ணத்தைக் காலி செய்திருக்க வேண்டும். நடந்தது வேறு. வழக்கமாகக் கட்டுப்பாட்டோடு சாப்பிடும் பெண்களில், அந்த வார்த்தைகளைக் கேட்டவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். கேட்காதவர்கள்தான் அதிகம் சாப்பிட்டார்கள்.

சிறிய ஆய்வுதான், ஒரு மதியப்பொழுதின் மிட்டாய்தான். ஆனால் எந்த இடத்தில் உடைப்பு ஏற்படுகிறது என்பதைக் காட்டுகிறது. முதல் வாய் பால்கோவா அப்பாவைக் கெடுக்கவில்லை. முதல் வாய்க்கும் இரண்டாவது வாய்க்கும் நடுவில் அவர் தனக்குள் கேட்ட குரல் கெடுத்தது. அது பெரும்பாலும் மாமாவின் குரல்.

இதைச் சொன்னபோது மாமா தன் பெரிய ஆயுதத்தை எடுத்தார். "பிளஸ் டூ ரிசல்ட்ல விருதுநகர் மாவட்டம் வருஷா வருஷம் மொத எடம் வந்துச்சே, அது கொஞ்சியா வந்துச்சு? பெரம்பால வந்துச்சு மாப்ள."

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. நானும் அந்தப் பிரம்பில் வந்தவன்தான். ஆனால் 2012இல் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்ற இருவர் செய்த சோதனைகளில் ஒன்று மாமாவின் வகுப்பறைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்குக் கடினமான சொல்வளத் தேர்வு ஒன்று வைத்தார்கள். சரியாகச் செய்யாதவர்களில் ஒரு பிரிவுக்குத் தன்பரிவு வாசகம், இன்னொரு பிரிவுக்கு "நீ கெட்டிக்காரன்தான்" என்ற தன்மதிப்பு வாசகம், மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. அடுத்த தேர்வுக்கு வேண்டிய நேரம் படித்துக்கொள்ளலாம் என்றார்கள். அதிக நேரம் படித்தது தன்பரிவுப் பிரிவு. முதுகில் தட்டிப் பாராட்டியதற்கு அந்தப் பலன் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கொஞ்சலும் தன்பரிவும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மாமாவிடம் சொன்னேன். பரீட்சைக்குத் தேதி உண்டு. மார்ச் மாதம் வரை பயந்து ஓடினால் போதும், பிறகு முடிந்துவிடும். சர்க்கரைக்குத் தேதி கிடையாது. பிரம்பால் வளர்ந்தவன் தேதி இல்லாத விஷயத்துக்கும் ஒரு தேதியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். டெஸ்ட்டுக்கு முந்தைய மூன்று நாள் பத்தியம் அதுதான். ஹால் டிக்கெட் வந்தபின் படிப்பது. அப்பாவின் நோட்டு, மாமா, உங்கள் மாவட்டத்தின் ரிசல்ட் ஷீட்.

மாமா வெற்றிலையைத் துப்ப எழுந்து போனார்.

மூன்று பகுதிகளில் நான் அதிகம் நிற்க விரும்புவது மூன்றாவதில். இதைத்தான் தன்பரிவைக் கிண்டல் செய்கிறவர்கள் கவனிப்பதே இல்லை. 243 என்று மீட்டர் காட்டினால் அது ஒரு எண். அப்பாவுக்கு அது எண் இல்லை. "நான் நாக்குக்கு அடிமை, இந்த வயசுலயும் புத்தியில்லாதவன்" என்ற தீர்ப்பு. எண்ணும் ஆளும் ஒன்றாகிவிட்டால் எண்ணைப் பார்க்க முடியாது. தன்னைச் சொகுசாக விடுகிறவனும் மீட்டரைப் பார்ப்பதில்லை, தன்னைச் சாட்டையால் அடிக்கிறவனும் பார்ப்பதில்லை. எதிரெதிர் போலத் தெரியும் இந்த இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். மீட்டரைப் பார்க்க முடிகிறதா என்பதுதான் சோதனை. 'தன்னிடம் அன்பாக' இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் எண்ணைப் பார்க்காமல் இருந்தால், அவரிடம் இருப்பது தன்பரிவு இல்லை.

எங்கள் தொழிலில் இதைத் தத்துவமாக இல்லாமல் அனுபவத்தால் கற்றுக்கொண்டார்கள். சர்வர் விழுந்தால் "யார் செய்தது" என்று வேட்டையாடும் டீமில், அடுத்த தடவை லாக் காணாமல் போகும். அதனால்தான் பல கம்பெனிகள் பழிபோடாத போஸ்ட்மார்ட்டம் என்று ஒன்றை வைத்திருக்கின்றன. அன்பின் மிகுதியால் அல்ல, லாக் வேண்டும் என்பதால்.

இரண்டாவது பகுதிக்கும் ஒரு போலி உண்டு. "ஊருக்கே சுகர் இருக்கு, நமக்கு மட்டுமா" என்று சொல்லிக்கொண்டு இன்னொரு ஜிலேபி எடுப்பது. எண்ணிக்கை என்னவோ உண்மைதான். 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. ஆனால் அப்பா அந்தப் பத்துக் கோடியில் ஒருவராகத் தன்னை நினைக்கவே இல்லை. மற்றவர்களுக்கு நோய், தனக்கு மட்டும் ஒழுக்கக்கேடு என்று நினைத்தார். அவருடைய நண்பர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் போல. தினமும் ஒன்றாக நடந்த ஐந்து பேரில் மூன்று பேருக்குச் சர்க்கரை, ஒருவருக்கொருவர் எண் சொன்னதே இல்லை. எல்லோருக்கும் நேர்வது என்று உணர்ந்தவன் கட்டைப் பிரித்துக் காட்டுவான். ஒளிக்கிறவன் தனியாகத்தான் இருக்கிறான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரான மாமாவிடம் ஆண்டாளையும் இழுத்தேன். திருப்பாவையில் நோன்பு தொடங்கும்போது நெய்யும் பாலும் இல்லை என்று விரதம் சொல்கிறவள், முடிக்கும்போது நெய் வழியப் பால்சோறு உண்பதைப் பாடுகிறாள். அதற்கு அடுத்த பாசுரத்தில் தெரியாமல் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லிக் கேட்கும்போதும் பன்மையில்தான் கேட்கிறாள், தனி ஒருத்தியாக அல்ல. "ஆண்டாள சுகருக்கு இழுக்காதய்யா" என்றார் மாமா. அது நியாயம்தான்.

சர்க்கரைக்கே நேராகச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. நியூசிலாந்தில் அன்னா ஃப்ரீஸும் குழுவினரும் 2016இல் வெளியிட்டது. நீரிழிவுள்ள 63 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எட்டு வாரத் தன்பரிவுப் பயிற்சி, மறுபாதி காத்திருப்புப் பட்டியலில். பயிற்சி எடுத்தவர்களுக்கு மனச்சோர்வும் நோய் பற்றிய வேதனையும் குறைந்தன. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஹெச்பிஏ1சியும் கிட்டத்தட்ட ஒரு சதவீதப்புள்ளி இறங்கியிருந்தது. 63 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, காத்திருக்கிறவர்களோடு ஒப்பிடுவது வலுவான ஒப்பீடும் அல்ல. ஆனால் சொகுசு என்று பெயர் வாங்கிய ஒரு விஷயம் சர்க்கரையை ஏற்றவில்லை.

எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டியதையும் கொடுத்துவிடுகிறேன். 2011இல் பேக்கர், மெக்நல்ட்டி என்ற இருவர், தாம்பத்திய உறவுகளில் தன்பரிவு என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். பொறுப்புணர்வு மிகுந்த ஆண்களிடம் தன்பரிவு இருந்தால் தவறைத் திருத்தும் முனைப்பு கூடியது. பொறுப்புணர்வு குறைந்த ஆண்களிடம் அதே தன்பரிவு அந்த முனைப்பைக் குறைத்தது. ஆக, மாமா பயப்படும் ஆள் இருக்கத்தான் செய்கிறான். அவனிடம் "பரவாயில்லை" என்றால் பரவாயில்லை என்றே எடுத்துக்கொள்வான். ஆனால் ஒன்பது நாள் நள்ளிரவில் எழுந்து தன் புண்ணுக்குத் தானே கட்டு மாற்றிய ஒரு மனிதர் அந்த ரகமா? நம் ஊரில் அதிகம் திட்டு வாங்குகிறவர்கள் திட்டு தேவைப்படுகிறவர்கள் அல்ல. திட்டினால் உறைக்கிறவர்கள்.

வீட்டில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அம்மாவும் நானும் ஒரு விஷயத்தை நிறுத்தினோம். எண்ணைக் கேட்ட பிறகு முகத்தை மாற்றுவதை. சொல்வது சுலபம். அம்மாவுக்கு ஒரு மாதம் ஆயிற்று, எனக்கு அதைவிட அதிகம். கேள்வி இரண்டுதான்: எவ்வளவு? சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு? அதற்கு மேல் வசனம் கிடையாது. அப்பாவுக்கு நான் வைத்த ஒரே வேண்டுகோள், பால்கோவா சாப்பிட்ட நாளில் கட்டாயம் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து எழுத வேண்டும் என்பது. முதல் நேர்மையான எண் 312. எழுதும்போது அவர் கை நடுங்கியது. அழுதார். இதையும் சொல்ல வேண்டும், கனிவு முதலில் இதமாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. பல வருடம் அடி வாங்கியவருக்கு அடி நின்றதும்தான் வலி தெரிகிறது.

அந்த நோட்டை டாக்டர் பார்த்தார். உணவுக்குப் பிந்தைய எண்களைப் பார்த்துவிட்டு மருந்தை மாற்றினார். நான்கு மாதம் கழித்து ஹெச்பிஏ1சி 8.1. இறக்கியது மருந்துதான், தன்பரிவு இல்லை. மருந்தை மாற்ற வைத்தது 312. புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. விரல் தப்பியது.

மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "மருந்து மாத்தினதுக்கு நெஃப்பு எதுக்கு?" என்கிறார். ஆனால் போன மாதம் போனில் அம்மாவிடம் தன் சர்க்கரை எண்ணைச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் சர்க்கரை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது.

அடுத்த ஆடிப்பூரத்துக்கு அப்பா காலுறை போட்டுக்கொண்டு தேர் பார்க்கப் போனார். நான் பெங்களூரில் இருந்தேன். ராத்திரி நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மில் கணக்கு எழுதிய அதே சரிவெழுத்து: "ஆடிப்பூரம். கோவா 2 ஸ்பூன். இரவு 8.40. 241."

"சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சுப்பா?" என்று கேட்டேன்.

"ரெண்டு மணி நேரம் பத்து நிமிசம்" என்று பதில் வந்தது.